மூன்று விலைப்புள்ளிகளும் ஒரே தொகையாக வந்தால் அது கூட்டுச் சதிக்கு ஆதாரமா?

கேள்வி: எங்கள் கூட்டுறவு நிறுவனம் கிடங்குகளுக்குத் தேவையான ஒரு பொருளுக்கு டெண்டர் விட்டது. வந்த மூன்று விலைப்புள்ளிகளும் பைசா மாறாமல் ஒன்றாக இருக்கின்றன. மூவரும் பேசி வைத்துக்கொண்டு செய்திருக்கிறார்கள் என்று நினைக்கிறோம். கையில் வேறு ஆதாரம் எதுவும் இல்லை. ஒரே விலை என்பது மட்டும் போட்டிச் சட்டத்தின்படி போதுமா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அது மட்டும் போதாது. ஆனால் ஒரே விலையை வைத்துத் தொடங்கிய ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று நிலைத்திருக்கிறது. அதே போன்ற இன்னொரு வழக்கு அதே நீதிமன்றத்தில் விழுந்தும் இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் என்ன வேறுபாடு என்பதைப் புரிந்துகொண்டால், உங்கள் கோப்பில் எதைத் தேட வேண்டும் என்பது தெரிந்துவிடும். எனவே அந்த இரண்டு வழக்குகளைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்தில் 3ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு, ஒரே தொழிலில் இருப்பவர்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் நான்கு வகை உடன்பாடுகளைத் தனியே எடுத்துச் சொல்கிறது. அவற்றில் ஒன்று ஒப்பந்தப்புள்ளிச் சதி. ஏலத்திலோ டெண்டரிலோ போட்டியை நீக்கும் அல்லது குறைக்கும் உடன்பாடும், அந்த நடைமுறையைத் தங்களுக்கு ஏற்றவாறு வளைக்கும் உடன்பாடும் இதற்குள் வரும். ஊரில் சிண்டிகேட் என்று சொல்வது இதைத்தான். ஒருவர் குறைந்த விலை போட, மற்றவர்கள் ஒப்புக்கு அதைவிடக் கூடுதலாகப் போடுவது, இந்த முறை உனக்கு, அடுத்த முறை எனக்கு என்று சுற்று வைத்துக்கொள்வது, மாவட்டங்களைப் பிரித்துக்கொண்டு மற்றவர் பக்கம் போகாமல் இருப்பது, பணம் வாங்கிக்கொண்டு டெண்டரே போடாமல் ஒதுங்குவது ஆகிய எல்லாமே இதன் வடிவங்கள்தான். மூவரும் ஒரே விலையைப் போட்டு ஆர்டரைச் சமமாகப் பிரித்துக்கொள்வதும் அவற்றில் ஒன்று. எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்பதில்லை. வாய்மொழியாகவோ குறிப்பாகவோ ஏற்பட்ட இசைவும் சட்டத்தின் பார்வையில் உடன்பாடுதான்.

இந்தப் பிரிவில் ‘ஊகிக்கப்படும்’ என்று ஒரு சொல் இருக்கிறது. பலரும் தடுமாறும் இடம் இதுதான். சட்டம் ஊகித்துக்கொள்வது, அத்தகைய உடன்பாட்டினால் சந்தையில் போட்டிக்குக் குறிப்பிடத்தக்க கேடு விளைந்தது என்பதை மட்டுமே. உடன்பாடு இருந்தது என்பதை அது ஊகித்துக்கொள்வதில்லை. உடன்பாட்டை இந்தியப் போட்டி ஆணையம்தான் காட்டியாக வேண்டும். காட்டிய பிறகு, விலை எவ்வளவு ஏறியது, யாருக்கு எவ்வளவு நட்டம் என்று தனியே நிறுவ வேண்டியதில்லை. கேடு விளையவில்லை என்று காட்டும் பொறுப்பு நிறுவனங்களின் பக்கம் போய்விடுகிறது. உடன்பாட்டைக் காட்டுவதிலும் குற்றவியல் வழக்கைப் போல ஐயத்துக்கு இடமில்லாத நிரூபணம் தேவையில்லை. சூழ்நிலைகளைச் சேர்த்துப் பார்த்தால் எது நடந்திருக்கக் கூடுதல் வாய்ப்பு என்பதே அளவுகோல். சதி செய்பவர்கள் கடிதம் எழுதி வைத்துவிட்டுச் செய்வதில்லை என்பதை நீதிமன்றங்கள் நன்றாகவே அறிந்திருக்கின்றன.

இப்போது முதல் வழக்கு. உங்களுடையதும் கிடங்கு சார்ந்த கொள்முதல் என்பதால் இது நெருக்கமாகவே இருக்கும். இந்திய உணவுக் கழகம் தன் தானியக் கிடங்குகளில் வண்டு, பூச்சிகளைக் கொல்ல அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளை வாங்குகிறது. மூட்டை அடுக்கைக் காற்றுப் புகாத உறையால் மூடி உள்ளே இந்த மாத்திரைகளை வைத்தால், காற்றிலுள்ள ஈரம் பட்டு பாஸ்பின் வாயு வெளிவந்து பூச்சிகளைக் கொல்லும். நாட்டில் இதைத் தயாரித்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். 2009 மே மாதம் உணவுக் கழகம் கோரிய டெண்டரில் எக்செல் கிராப் கேர், யுனைட்டெட் பாஸ்பரஸ், சந்தியா ஆர்கானிக் கெமிக்கல்ஸ் ஆகிய மூன்றும் கிலோவுக்கு 388 ரூபாய் என்று ஒரே விலையைக் கேட்டன. பேச்சுவார்த்தைக்குப் பின் அது 386 ரூபாய்க்கு இறங்கியது. 2011 பிப்ரவரியில் கழகம் போட்டி ஆணையத்துக்கு எழுதியது.

நிறுவனங்களின் வாதம் அலட்சியப்படுத்தக்கூடியதாக இல்லை. விற்பவர்கள் சிலர், பெருமளவில் வாங்குபவர்களும் சிலரே. முந்தைய டெண்டரின் விலை எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்ட சந்தையில் யாரும் யாருடனும் பேசாமலேயே விலைகள் ஒன்றையொன்று ஒட்டி வரும் என்றார்கள். பொருளாதாரத்தில் இது உண்மையான நிகழ்வு. ஒரு பெட்ரோல் பங்க் விலையைப் பார்த்து எதிரே உள்ளவர் தம் விலையை வைப்பதில் சட்ட மீறல் எதுவும் இல்லை.

ஆனால் மூடிய உறைக்குள் போடும் விலைக்கு அந்த விளக்கம் எளிதில் பொருந்தாது. எதிரே உள்ளவர் இன்று என்ன எழுதியிருக்கிறார் என்பதைப் பார்க்க முடியாது; போன தடவை எழுதியதை மட்டுமே அறிய முடியும். அதை வைத்து எல்லாரும் ஓரளவு அருகருகே வரலாமே தவிர, அதே ரூபாயில் வந்து நிற்பதற்குக் காரணம் வேண்டும். அந்த மூன்று நிறுவனங்களின் ஆலைகள் வெவ்வேறு இடங்களில் இருந்தன; அளவிலும் உற்பத்திச் செலவிலும் அவை ஒன்றுபோல இல்லை. இத்தனை வேறுபாடுகளுக்குப் பிறகும் விலை மட்டும் ஒன்றாக இருந்தது. முந்தைய ஆண்டுகளின் டெண்டர்களிலும் ஒரே விலை கேட்கும் வழக்கம் தொடர்ந்து இருந்ததால், ஒரு முறை தற்செயலாக நேர்ந்தது என்று சொல்லவும் வழியில்லாமல் போயிற்று. ஆணையம் 2012 ஏப்ரலில் குற்றம் நிறுவப்பட்டது என்றது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும், 2017 மே மாதத்தில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தன.

அந்தத் தீர்ப்பில் உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் வேறு இரண்டு முடிவுகளும் உண்டு. சட்டத்தின் 3ஆம் பிரிவு நடைமுறைக்கு வந்தது 2009 மே 20. டெண்டர் அறிவிப்போ அதற்கு முன்பே வெளிவந்துவிட்டது. டெண்டர் நடைமுறையும் அதன் விளைவும் அந்தத் தேதிக்குப் பிறகும் தொடர்ந்தன என்பதால் சட்டம் பொருந்தும் என்று நீதிமன்றம் கூறியது. மற்றொன்று, ஆணையத்தின் தலைமை இயக்குநர் நடத்தும் விசாரணை புகாரில் எழுதியவற்றோடு நின்றுவிட வேண்டியதில்லை. விசாரணையில் வெளிப்படும் தொடர்புடைய மற்ற டெண்டர்களுக்குள்ளும் அது போகலாம். ஆகவே உங்கள் புகாரில் எல்லாவற்றையும் நீங்களே கண்டுபிடித்து எழுதிவிட வேண்டும் என்று நினைத்துத் தயங்க வேண்டாம்.

இரண்டாவது வழக்கு சமையல் எரிவாயு சிலிண்டர்கள் பற்றியது. இந்தியன் ஆயில் நிறுவனம் 2010-11ஆம் ஆண்டுக்காக 14.2 கிலோ சிலிண்டர்கள் வாங்க டெண்டர் விட்டது. நாடு முழுவதிலும் இருந்து பல தயாரிப்பாளர்கள் போட்டார்கள். மாநிலவாரியாகப் பார்த்தால் குழுகுழுவாக ஒரே விலை கேட்கப்பட்டிருந்தது. டெண்டருக்கு ஓரிரு நாட்கள் முன்பு மும்பையில் ஓர் ஓட்டலில் அவர்களில் பலர் கூடியிருந்தார்கள் என்பதும் தெரியவந்தது. முதல் வழக்கைவிட இது வலுவானது என்றுதான் மேலோட்டமாகப் பார்க்கும் எவருக்கும் தோன்றும். ஆணையம் 45 நிறுவனங்களுக்கு அவற்றின் சராசரி விற்றுமுதலில் 7 விழுக்காடு அபராதம் விதித்தது. 2018 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை முழுவதுமாக நீக்கியது.

நீதிமன்றம் பார்த்தது அந்தச் சந்தையின் அமைப்பை. வாங்குபவர்கள் மூன்றே மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள்; அவற்றிலும் இந்தியன் ஆயிலின் பங்கு ஏறக்குறைய பாதி. அந்த மூன்றிடமும் ஆர்டர் கிடைக்காவிட்டால் சிலிண்டர் செய்பவர் ஆலையை மூட வேண்டியதுதான், ஏனெனில் வேறு வாடிக்கையாளர் கிடையாது. விலை எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை இந்தியன் ஆயிலே உள்ளுக்குள் மதிப்பிட்டு வைத்திருந்தது. மிகக் குறைந்த விலை போட்ட எல்-1 நிறுவனத்துடன் பேசி அதையும் குறைத்து, பிறகு அதே விலைக்கு மற்றவர்களையும் இறங்கச் செய்து ஆர்டரைப் பலருக்குப் பகிர்ந்தது. முந்தைய ஆண்டு எந்த மாநிலத்தில் எந்த விலை முடிந்தது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அந்த டெண்டரில் புதிதாக வந்தவர்களுக்கும் ஆர்டர் கிடைத்தது. இப்படி வாங்குபவரே விலையைத் தீர்மானித்து, அதைச் சுற்றியே எல்லாரும் நகரும்படி அமைத்துவிட்ட இடத்தில், ஒரே விலைக்குச் சதி அல்லாத விளக்கம் இருக்கிறது, அந்த விளக்கத்தை நிறுவனங்கள் காட்டிவிட்டன என்று நீதிமன்றம் முடிவு செய்தது. ஓட்டல் கூட்டம் ஐயத்தை எழுப்பினாலும், அந்தச் சூழலில் அதை மட்டும் வைத்து உடன்பாட்டை நிறுவ முடியவில்லை.

இந்தத் தீர்ப்பை விமர்சிப்பவர்கள் இருக்கிறார்கள். போட்டியாளர்கள் டெண்டருக்கு முந்தின நாட்களில் கூடியதற்கு இன்னும் கூடுதல் எடை கொடுத்திருக்கலாம் என்பது என் கருத்தும்கூட. ஆனாலும் கொள்முதல் செய்யும் ஒவ்வொரு அலுவலகத்துக்கும் அதில் ஒரு கடுமையான செய்தி இருக்கிறது. எல்-1 விலைக்கு எல்லாரும் ஒத்துக்கொண்டால் எல்லாருக்கும் பங்கு என்று டெண்டர் நிபந்தனையை எழுதிவிட்டால், குறைத்துப் போடுவதால் யாருக்கும் பெரிய ஆதாயம் இல்லை. போட்டியின் உந்துதலை நீங்களே எடுத்துவிடுகிறீர்கள்; நாளை வழக்கு வந்தால் எதிர்த்தரப்புக்கு நல்ல வாதத்தையும் நீங்களே எழுதிக் கொடுத்தவர்கள் ஆகிறீர்கள்.

ஆகவே உங்கள் கோப்பை எடுத்து, முதலில் அந்த ஒரே விலைக்கு நேர்மையான காரணம் ஏதும் உண்டா என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞரைப் போலத் தேடுங்கள். அந்தப் பொருளுக்கு அரசு நிர்ணயித்த உச்சவரம்பு விலை இருந்து மூவரும் அதையே போட்டிருக்கலாம். மூவரும் ஒரே தயாரிப்பாளரின் டீலர்களாக இருந்து, கம்பெனி அனுப்பிய விலைப்பட்டியலை அப்படியே எடுத்து எழுதியிருக்கலாம். இந்த இரண்டாவது நிலையில் விவகாரம் முடிந்துவிடுவதில்லை. தயாரிப்பாளரே நடுவில் இருந்து டீலர்களை ஒருங்கிணைத்திருந்தால், அவர் நேரடிப் போட்டியாளராக இல்லாவிட்டாலும் அந்த உடன்பாட்டில் பங்குகொண்டவராகவே கருதப்படுவார் என்று 2023ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்திருக்கிறது. உங்கள் அலுவலக மதிப்பீடு வெளியே கசிந்து, மூவரும் அதையே போட்டிருக்கவும் கூடும். அது வேறு வகைக் குற்றத்தின் அறிகுறி. அப்படி ஐயம் இருந்தால் கண்காணிப்புப் பிரிவுக்கும் தெரிவிக்க வேண்டியிருக்கும்.

இவை எதுவும் இல்லை என்றால் விலையைப் பிரித்துப் பாருங்கள். வரி உட்பட்ட மொத்தத் தொகையைப் பார்க்காமல், அடிப்படை விலை, வரி, லாரி வாடகை என்று தனித்தனியாக வைத்து ஒப்பிட வேண்டும். உதாரணமாக ஒருவருடைய ஆலை உங்கள் கிடங்கிலிருந்து 40 கிலோமீட்டரிலும், மற்றொருவருடையது 900 கிலோமீட்டரிலும் இருந்து, கிடங்கு வாசலில் இறக்கிக் கொடுக்கும் விலை மட்டும் ஒன்றாக இருந்தால், தூரத்தில் இருப்பவர் வாடகையைத் தன் லாபத்திலிருந்து கொடுக்கிறார் அல்லது அருகில் இருப்பவர் தேவையில்லாமல் விலையை ஏற்றியிருக்கிறார் என்றாகிறது. தனித்தனியாகச் சிந்திக்கும் இரண்டு வியாபாரிகள் அப்படிச் செய்து துல்லியமாக ஒரே எண்ணில் முடிவது அரிது. அலுமினியம் பாஸ்பைடு வழக்கைத் தாங்கி நின்ற தர்க்கமும் இதுதான். கடந்த நான்கைந்து டெண்டர்களின் விலை ஒப்பீட்டு அறிக்கைகளையும் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். வெற்றி பெற்றவர்கள் வரிசையாக மாறி மாறி வந்திருக்கிறார்களா, தோற்றவருக்கு எல்-1 நிறுவனம் பின்னால் துணை ஒப்பந்தம் கொடுத்திருக்கிறதா, புதிய ஒருவர் வந்த ஆண்டில் மட்டும் விலை சட்டென்று இறங்கியிருக்கிறதா என்பவை ஒற்றை டெண்டரில் தெரியாது. வரிசையாகப் பார்த்தால்தான் தெரியும்.

விலைக்கு வெளியே இருக்கும் தடயங்கள் பெரும்பாலும் இதைவிடவும் வலுவானவை. பலரும் விலைப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கோப்பை மூடிவிடுவதுதான் எனக்கு வருத்தம். மின்னணு டெண்டர் என்றால், எந்த ஐபி முகவரியிலிருந்து, எந்த நேரத்தில் விலை பதிவேற்றப்பட்டது என்ற பதிவு சர்வரில் இருக்கும். போட்டியாளர்கள் இருவர் ஒரே முகவரியிலிருந்து சில நிமிட இடைவெளியில் பதிவேற்றியிருந்தால் அதற்கு நல்ல விளக்கம் கிடைப்பது கடினம். முன்வைப்புத் தொகைக்கான வரைவோலைகள் ஒரே வங்கிக் கிளையில், ஒரே நாளில், அடுத்தடுத்த எண்களில் வாங்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இணைத்த ஆவணங்களில் ஒரே எழுத்துப் பிழை, ஒரே தொலைபேசி எண், ஒருவருடைய கடிதத்தில் தவறுதலாக விடுபட்ட மற்றொருவருடைய பெயர், கோப்பின் பண்புகளில் ஒரே கணினிப் பயனரின் பெயர் ஆகியவை எல்லாம் சேர்த்து எடுத்து வைக்க வேண்டியவை. காகித டெண்டர் என்றால் உறைகளையும் தூக்கிப் போடாதீர்கள். கையெழுத்தும் தபால் முத்திரையும் அவற்றில்தான் இருக்கின்றன. உங்கள் வாயிலில் உள்ள வருகைப் பதிவேட்டின் அந்த வாரத்துப் பக்கங்களைப் பத்திரப்படுத்துங்கள்.

இந்தக் கட்டத்தில் செய்யக்கூடாத ஒன்று, மூவரையும் கூப்பிட்டு ‘எல்லாரும் ஒரே விலை போட்டிருக்கிறீர்களே, ஏன்?’ என்று கேட்பது. எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் நல்லெண்ணத்தோடு இப்படித்தான் கேட்டார்கள். அடுத்த டெண்டரில் விலைகள் இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் வித்தியாசத்தில் அழகாக வந்தன. பிறகு பிடிப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. டெண்டரை ஏற்பதா, ரத்து செய்து மறுபடி கோருவதா என்பதை உங்களுக்குப் பொருந்தும் கொள்முதல் விதிகளின்படி முடிவு செய்யுங்கள்; ரத்து செய்வதாக இருந்தால் சதி என்று காரணம் எழுத வேண்டிய தேவை இல்லை, விலை நியாயமாக இல்லை என்பதே போதும்.

பிறகு ஆணையத்துக்கு எழுதலாம். முகாந்திரம் இருப்பதாக ஆணையம் கருதினால் 26ஆம் பிரிவின்படி தலைமை இயக்குநரை விசாரிக்கச் சொல்லும். அவருக்குச் சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் அதிகாரம் உண்டு. நீதிமன்ற அனுமதி பெற்றுத் திடீர்ச் சோதனையும் நடத்தலாம். தொலைபேசி அழைப்புப் பட்டியலும் மின்னஞ்சலும் கிடைப்பது அங்கேதான். எனவே உங்களால் நிரூபிக்க முடியாதது நிரூபிக்கவே முடியாதது ஆகிவிடாது; விசாரணையைத் தொடங்கப் போதுமான அளவுக்குத் தகவலைக் கொடுப்பதே உங்கள் வேலை. அதற்குக் கால வரம்பு உண்டு: 2023 திருத்தத்துக்குப் பிறகு, சம்பவம் நடந்த 3 ஆண்டுகளுக்குள் தகவல் கொடுக்க வேண்டும், தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் மட்டுமே ஆணையம் அதை மன்னிக்கலாம்.

பல வழக்குகள் உடைவது சதிகாரர்களில் ஒருவர் வாய் திறப்பதால்தான். சட்டத்தின் 46ஆம் பிரிவு, முழு உண்மையையும் சொல்லி ஒத்துழைப்பவருக்கு அபராதத்தைக் குறைக்க இடம் தருகிறது. முதலில் வருபவருக்கு 100 விழுக்காடு வரை, இரண்டாமவருக்கு 50 வரை, அடுத்தவர்களுக்கு 30 வரை குறையலாம். இந்தியாவில் இது முதன்முதலில் செயல்பட்டது ரயில்வேக்கு மின்விசிறி வழங்கியவர்கள் பற்றிய 2017ஆம் ஆண்டு வழக்கில். மத்தியப் புலனாய்வுத் துறை வேறொரு விசாரணையில் கண்டெடுத்த விவரங்களை ஆணையத்துக்குத் தந்திருந்தது. அதன் பிறகு வந்து ஒப்புக்கொண்ட நிறுவனத்துக்கு 75 விழுக்காடு மட்டுமே குறைத்தார்கள், ஏனெனில் ஆதாரத்தின் ஒரு பகுதி ஆணையத்தின் கையில் ஏற்கெனவே இருந்தது.

தண்டனை என்னவென்றால், சதி நீடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் லாபத்தைப் போல மூன்று மடங்கு அல்லது விற்றுமுதலில் 10 விழுக்காடு, எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம். பொறுப்பில் இருந்த தனிநபர்களுக்கும் தனியே உண்டு. எந்த விற்றுமுதல் என்பது நெடுங்காலம் சர்ச்சையாக இருந்தது. பாஸ்பைடு வழக்கில் யுனைட்டெட் பாஸ்பரஸ் நிறுவனத்துக்கு ஆணையம் விதித்தது 252 கோடியே 44 லட்சம் ரூபாய். சதி நடந்த பொருளின் விற்பனையை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயம் சொன்னதும் அது 6 கோடியே 94 லட்சமாகச் சுருங்கியது, உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. 2024 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள வழிகாட்டுதல்படி, அந்தப் பொருளின் சராசரி விற்றுமுதலில் 30 விழுக்காடு வரை முதலில் கணக்கிட்டு, மேலே சொன்ன சட்ட உச்சவரம்புக்குள் அதை நிறுத்துகிறார்கள்; அந்த உச்சவரம்பில் விற்றுமுதல் என்பது நிறுவனத்தின் உலகளாவிய மொத்த விற்றுமுதல். அமெரிக்காவில் இதே செயலுக்குச் சிறை உண்டு. இந்தியப் போட்டிச் சட்டம் டெண்டர் சதிக்குச் சிறை விதிப்பதில்லை. அதிகாரிகள் லஞ்சம் வாங்கியிருந்தாலோ ஏமாற்றுதல் இருந்தாலோ அவை அவற்றுக்கான தனிச் சட்டங்களில் போகும்.

கடைசியாக, உங்கள் நிர்வாகக் குழு நிச்சயம் கேட்கப்போகும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அபராதத் தொகை உங்களுக்கு வராது. அது இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். கூடுதலாகக் கொடுத்த பணத்தை மீட்க வேண்டுமானால், ஆணையம் சட்ட மீறலைக் கண்டறிந்த பிறகு, 53என் பிரிவின்படி தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் இழப்பீட்டுக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். அங்கே, கேடு விளைந்தது என்ற சட்டத்தின் ஊகத்தைக் காட்டித் தொகை கேட்க முடியாது. சதி இல்லாதிருந்தால் என்ன விலை வந்திருக்கும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். அதற்குச் சதிக்கு முந்தைய ஆண்டுகளின் கொள்முதல் விலைகளும், மூலப்பொருள் விலைகளும், அதே காலத்தில் மற்ற நிறுவனங்கள் வாங்கிய விலைகளும் தேவைப்படும். கோப்பு அழிப்புப் பட்டியலில் இந்த ஆவணங்கள் இருந்தால் இப்போதே எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள்.